சாவியும் உறுதியும் கைமாறும் நாள்: வன்னிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

வன்னிக்கு இடமாற்றம் கிடைத்து வருகிற ஆசிரியரோ, வங்கி உத்தியோகத்தரோ, தாதியோ வாடகைக்கு ஒரு வீடு பார்த்தால், அந்த வீட்டின் சாவி அநேகமாக அந்த ஊரிலேயே இருக்காது. வீட்டுக்காரர் ரொறன்ரோவில் இருப்பார். சாவி வவுனியாவில் அவருடைய சின்னம்மாவிடம் இருக்கும். காணி உறுதி வேறொரு உறவினரின் அலுமாரியில் இருக்கும். ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராத இரண்டு பேர், இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு சந்தியில் நின்று பொருளைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். வன்னியில் தூரம் அதிகம், உள் வீதிகளில் பஸ் குறைவு. ஒரு தடவை பிழைத்தால் இரண்டு பேருக்கும் ஒரு முழு நாள் போய்விடும்.

இப்படியான சந்திப்பை எப்படி ஒழுங்கு செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உறவினர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் இந்த வேலை என் பக்கம் அடிக்கடி வரும். எல்லாரும் இடத்தையும் நேரத்தையும் பேசி முடித்துவிடுகிறார்கள். மூன்றாவதாக ஒரு ஆளைப் பேசி வைக்க மறந்துவிடுகிறார்கள். அல்லது "ஏதும் என்றால் இவருக்கு அடியுங்கோ" என்று ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டு, அந்த ஆளுக்கு ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த மாற்று ஆளைச் சரியாகப் பிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் பொருளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நேரம் பேசுவதற்கு முன்னரே ஒரு கேள்விக்கு விடை வேண்டும். வாங்க வேண்டியவர் வராவிட்டால், இந்தப் பொருளை வேறொருவர் கையில் விட்டுவிட்டு வரலாமா?

வீட்டுச் சாவி என்றால் பெரும்பாலும் விடலாம். தொலைந்தால் பூட்டை மாற்றிவிடலாம். செலவும் அலைச்சலும்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வாடகை உடன்படிக்கையின் பிரதி, மின்கட்டணப் பட்டியல், போட்டோக் கொப்பிகள் போன்றவற்றையும் விடலாம்.

காணி உறுதியின் மூலப்பிரதியை விடக்கூடாது. நொத்தாரிசு முடிக்கிற உறுதியில் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், இன்னொன்று நொத்தாரிசிடம் இருக்கும். ஆகவே கையில் இருக்கிற மூலம் தொலைந்தாலும் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்க வழி உண்டு. ஆனால் அதற்குப் பதிவு இலக்கம் தெரிய வேண்டும், அலைய வேண்டும். மூலம் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்ற பயமும் கூடவே இருக்கும்.

அரச காணிக்குக் கிடைத்த அனுமதிப்பத்திரம், ஊரில் "பேமிற்" என்று சொல்வது, இன்னும் கவனத்துக்குரியது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிற இந்தப் பத்திரம் தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டில் தொடங்கி, கிராம அலுவலரின் கடிதம், பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு என்று போக வேண்டும். 2009 வரையான இடப்பெயர்வுகளில் இப்படிப் பத்திரங்களை இழந்து, வருடக்கணக்காக நடந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அதனால்தான் வயதானவர்கள் பத்திரப் பையைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறார்கள். "ஒரு நாளைக்குத் தாங்கோ" என்று கேட்டதும் அவர்கள் தயங்கினால் அதை அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழின் மூலம் இவையும் இந்த இரண்டாவது வகைதான். ஆக, மாற்று ஆளுக்கு இரண்டு விதமான வேலை இருக்கிறது. முதல் வகைப் பொருளை அவர் வாங்கி வைக்கலாம். இரண்டாவது வகையில் அவர் செய்தி சொல்லி விட மட்டும்தான், பொருளைத் தொடக்கூடாது. இதைத் தெளிவாகப் பேசாமல் விட்டால் என்ன நடக்கும் என்றால், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில் உறுதியையும் கடையில் கொடுத்துவிட்டு ஏறிவிடுவார்கள். அந்தக் கடைக்காரர் பாவம், கேட்காத பாரத்தை மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டு முழிப்பார்.

பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து விடுகிற பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்றுச் சாவி ஒன்றை அப்படி அனுப்பலாம், பலரும் அனுப்புகிறார்கள். மூலப் பத்திரங்களை அனுப்பவே வேண்டாம். நேரில் கொடுக்க முடியாது என்றால் பதிவுத் தபால் இருக்கிறது.

இடம்: சந்தியின் பெயர் மட்டும் போதாது

இரண்டு பேருக்கும் இடையில் இருக்கிற, ஒதுங்கி நிற்கக் கூரையுள்ள, பகலில் ஆள் நடமாட்டமுள்ள இடமாக இருக்க வேண்டும். ஏ9 வீதியில் மாங்குளம் சந்தி இதற்கு நல்ல இடம். கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ஏ9 வழியாக வரலாம். முல்லைத்தீவுப் பக்கம் போகிற ஏ34 வீதி அங்கேதான் பிரிகிறது. சுமார் 50 கிலோமீற்றர் நீளமான அந்த வீதியில்தான் ஒட்டுசுட்டானும் இருக்கிறது. துணுக்காய், மல்லாவி ஆட்களும் மாங்குளத்துக்கு வந்து போகிறவர்கள்தான். பரந்தன் சந்தியும் அதே மாதிரி. விசுவமடு, புதுக்குடியிருப்பு ஆட்களுக்கு அது வசதி.

ஆனால் "மாங்குளம் சந்தியில் நிற்கிறேன்" என்று சொன்னால் போதாது. யாழ்ப்பாணம் போகிற பஸ் நிற்கிற பக்கம் வேறு, வவுனியா போகிற பஸ் நிற்கிற பக்கம் வேறு, முல்லைத்தீவு பஸ் திரும்பி நிற்கிற இடம் வேறு. எந்த வீதி, எந்தப் பக்கம், எந்தக் கடைக்கு முன்னால் என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தக் கடையே உங்கள் மாற்று ஆளின் கடையாக இருக்கட்டும். அப்போது இடமும் ஆளும் ஒன்றாகிவிடும்.

முறிகண்டியைப் பலர் சொல்வார்கள். ஏ9 இல் போகிற வாகனங்கள் பிள்ளையாரைக் கும்பிட நிற்பது வழக்கம், அதனால் எல்லாருக்கும் தெரிந்த இடம். காரிலோ வானிலோ வருகிறவர்களுக்கு அது பொருந்தும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது சரிவராது. பஸ் நிற்பது கொஞ்ச நேரம்தான். தேங்காய் உடைக்கிற சனம், கச்சான் வாங்குகிற சனம் என்று ஒரே நெரிசலாக இருக்கும். அந்த அவசரத்தில் ஆளைத் தேடிப் பிடித்துப் பொருளை எண்ணிக் கொடுக்க முடியாது.

கிளிநொச்சி நகருக்குள் சந்திப்பது என்றால் உள்ளூர்ப் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கரடிப்போக்குச் சந்தி, டிப்போச் சந்தி, கந்தசுவாமி கோயிலடி என்றுதான் இங்கே அடையாளம் சொல்வார்கள். "155ஆம் கட்டை" என்று ஒருவர் சொன்னால் அது பழைய மைல் கணக்கில் வந்த பெயர். இன்றைய கிலோமீற்றர்க் கல்லில் 155 என்ற இலக்கத்தைத் தேடினால் கிடைக்காது. கூகுள் வரைபடத்தில் ஒரு புள்ளி அனுப்பினாலும், கூடவே அடையாளத்தையும் எழுத்தில் அனுப்புங்கள். எதிரில் வருகிறவர் பட்டன் போன் வைத்திருக்கிற ஒரு அம்மாவாக இருக்கலாம்.

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது

இருவருக்கும் வசதியான நேரத்தைத் தேடுவதற்கு முன், இரண்டு பேரும் திரும்பிப் போவதற்குக் கடைசி பஸ் எப்போது என்று பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஏ9 இல் நாள் முழுக்க பஸ் ஓடும், கவலையில்லை. உள் வீதிகளில் அப்படியல்ல. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று ஊர் ஆளிடமோ, பஸ் நிலையத்தில் நேரம் பார்க்கிறவரிடமோ கேட்க வேண்டும். இணையத்தில் இருக்கிற நேர அட்டவணையை நம்பிப் புறப்படாதீர்கள். இருட்டுப் பட்ட பிறகு காட்டை அண்டிய உள் வீதிகளில் மோட்டார் சைக்கிளில் போகிற மாதிரி நேரம் வைக்காதீர்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் யானை வீதிக்கு வருவது உண்டு. ஆகவே காலை 9.30க்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையில் வைப்பதுதான் நல்லது என்பது என் முடிவு. ஏதும் பிசகினாலும் சரிசெய்யப் பகல் மீதி இருக்கும்.

"பின்னேரம் வாறன்" என்பதை நேரமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். இரண்டு மணியும் பின்னேரம், ஐந்தரையும் பின்னேரம். அதேநேரம் "பத்து மணி" என்று ஒற்றைப் புள்ளியாக வைப்பதும் பஸ்ஸில் வருகிறவருக்குச் சரிப்படாது. "10 மணியிலிருந்து 10.45 வரை நிற்பேன்" என்று ஒரு இடைவெளியாகச் சொல்லுங்கள். அந்த 45 நிமிடம் முடிந்ததும் என்ன செய்வது என்பதும் இருவருக்கும் முன்னமே தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாவிட்டால் முதலில் வந்தவர் இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று நின்று தன் பஸ்ஸை விட்டுவிடுவார்.

பத்திரம் அதே நாளில் பிரதேச செயலகத்துக்கோ நொத்தாரிசிடமோ போக வேண்டியது என்றால், அரச அலுவலகங்கள் பிற்பகல் 4.15க்கு முடிந்துவிடும் என்பதையும், காணி அலுவலர் வெளிக்களத்துக்குப் போகிற நாளில் மேசையில் இருக்க மாட்டார் என்பதையும் கணக்கில் எடுங்கள். முதல் நாளே போன் பண்ணிக் கேட்டுவிட்டு நாளை முடிவு செய்யுங்கள். போயா நாள் விடுமுறை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நாளில் முல்லைத்தீவுப் பக்கம் சந்திப்பு வைக்காதீர்கள். பஸ் எல்லாம் கோயிலுக்குப் போகிற சனத்தால் நிரம்பியிருக்கும்.

மாரி காலம் தனிக் கணக்கு. ஒக்டோபருக்குப் பிறகு, முக்கியமாக நவம்பர், டிசம்பரில், இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டால் கீழ்ப்பகுதிக் கிராமங்களின் வீதிகளில் தண்ணீர் ஏறிவிடும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். இந்த மாதங்களில் ஒரு நாளைத் தீர்மானிக்கும்போதே மாற்று நாளையும் சேர்த்துத் தீர்மானியுங்கள். பத்திரங்களை இரண்டு பொலித்தீன் உறைக்குள் போடுங்கள்.

மாற்று ஆள் யார்

பெரும்பாலானவர்கள் மாற்று ஆள் என்று வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரரையே சொல்வார்கள். "ஏதும் பிரச்சினை என்றால் அக்காவுக்கு வட்ஸ்அப் எடுங்கோ." மாங்குளத்தில் காலை 10.30 என்றால் ரொறன்ரோவில் கோடை காலத்தில் இரவு 1 மணி, குளிர் காலத்தில் நள்ளிரவு 12. லண்டனில் விடிய ஐந்தோ ஆறோ. நித்திரையில் இருக்கிறவர் எப்படி மாற்று ஆளாக இருக்க முடியும்? விழித்திருந்தாலும் அவரால் சந்திக்கு வந்து நிற்க முடியாது. அவர் எல்லாவற்றையும் முதல் நாளே எழுத்தில் சொல்லிவிட வேண்டியவர். சந்திப்பு நடக்கிற நேரத்தில் அவரைத் தேட வேண்டிய நிலை வரக்கூடாது.

இன்னொரு தவறு, வருகிறவரோடு கூடவே வருகிற ஆளை மாற்று ஆளாகச் சொல்வது. சின்னம்மாவோடு அதே பஸ்ஸில் வருகிற மகள் மாற்று ஆள் இல்லை. பஸ் பழுதானால் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள்.

பொருத்தமான ஆள் அந்த இடத்திலேயே நாள் முழுக்க இருக்கிறவர். சந்தியில் தேத்தண்ணிக் கடை, பலசரக்குக் கடை, சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருப்பவர், மருந்துக் கடையில் நிற்பவர் என்று யாராவது. இரு தரப்பில் ஒருவருக்காவது அவரை நேரில் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய போன் இணைப்பு உங்கள் இணைப்பிலிருந்து வேறு கம்பனியாக இருந்தால் இன்னும் நல்லது. காட்டுப் பக்கத்தில் ஒரு கம்பனியின் சிக்னல் விழுந்தாலும் மற்றது பிடிக்கும். இன்ரநெற் இல்லாமலே பேசக்கூடிய சாதாரண நம்பர் வேண்டும். வட்ஸ்அப்பை மட்டும் நம்பினால் டேற்றா முடிந்த இடத்தில் தொடர்பும் முடிந்துவிடும்.

அவரிடம் நேரில் அல்லது போனில் முன்கூட்டியே கேளுங்கள். கேட்காமல் நம்பரைக் கொடுப்பது மரியாதை இல்லை, பயனும் இல்லை. என்ன கேட்க வேண்டும் என்றால்: அன்றைக்குக் கடை திறப்பீர்களா, எத்தனை மணி வரை நிற்பீர்கள், இந்தப் பொருளை வாங்கி வைக்கச் சம்மதமா, அல்லது தகவல் மட்டும் சொல்லிவிட முடியுமா. பிறகு, வரப்போகிற இரண்டு பேரின் பெயரும் நம்பரும் அவரிடம் இருக்க வேண்டும். பொருளை எடுக்க வருகிறவர் அடையாள அட்டை காட்டுவார், அதில் பெயர் சரியாக இருந்தால் மட்டும் கொடுங்கள் என்று சொல்லுங்கள். "அவர்தான் அனுப்பினவர்" என்று வேறு யாரும் வந்தால் கொடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைக்காரர் முகத்துக்கு முன்னால் மறுக்கச் சங்கடப்படுவார். "இவை இப்படித்தான் சொல்லியிருக்கினம்" என்று உங்கள் மேல் பழியைப் போட அவருக்கு ஒரு வசனம் இருந்தால் அவருக்கும் சுலபம்.

முதல் நாள் மாலை அனுப்ப வேண்டிய செய்தி

பேசி முடித்ததை எழுத்தில் ஒரே செய்தியாக, குறுஞ்செய்தியில், மூன்று பேருக்கும் அனுப்புங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். நாளை சனிக்கிழமை காலை 10.00 – 10.45. மாங்குளம் சந்தி, முல்லைத்தீவு வீதித் தொடக்கம், இடப் பக்கம் தேத்தண்ணிக் கடை. கொடுப்பவர் சின்னம்மா (வவுனியா). வாங்குபவர் ரீச்சர் (ஒட்டுசுட்டான்). பொருள்: வீட்டுச் சாவி 4. ரீச்சர் 10.45க்குள் வராவிட்டால் சாவி கடை அண்ணையிடம். அடையாள அட்டை காட்டி எடுக்கவும். சரி என்றால் நேரத்தையும் இடத்தையும் திருப்பி எழுதவும்."

உண்மையான செய்தியில் முழுப் பெயரும் மூன்று நம்பர்களும் இருக்கும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வெறும் "ஓம்" என்று வருகிற பதில், செய்தியை வாசித்தார் என்பதைக்கூட உறுதிப்படுத்தாது. "10 மணி, தேத்தண்ணிக் கடை, ஓம்" என்று வந்தால் அது உறுதி. "பார்ப்பம்", "ஏலுமெண்டால் வாறன்" என்று வந்தால் வர மாட்டார் என்றே எடுத்துக்கொண்டு மீண்டும் போன் பண்ணுங்கள். இங்கே ஒருவரிடம் நேராக இல்லை என்று சொல்ல மனம் வராமல் அப்படிச் சொல்வார்கள். வேறு நாள் வேண்டுமா என்று நீங்களே கேட்டால் சந்தோஷமாகச் சொல்லிவிடுவார்கள்.

நடந்த ஒரு ஒழுங்கு

ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் ஒரு வீடு. வீட்டுக்கார அக்கா ரொறன்ரோவில். சாவியும் உறுதியும் வவுனியாவில் அவருடைய சின்னம்மாவிடம் இருந்தன. மட்டக்களப்பிலிருந்து இடமாற்றம் பெற்று வந்து, ஒட்டுசுட்டானில் ஒரு தோழியோடு தற்காலிகமாகத் தங்கியிருந்த ஆசிரியைக்குச் சாவி போக வேண்டும். கிளிநொச்சியில் இருக்கிற அக்காவின் தம்பிக்கு உறுதியும் நில அளவைப் படமும் போக வேண்டும், நொத்தாரிசுக்குக் காட்டுவதற்காக. சின்னம்மா ஒரே பயணத்தில் இரண்டையும் முடிக்க விரும்பினார். மாங்குளம் மூன்று பேருக்கும் ஏறக்குறைய நடு. சனிக்கிழமை, காலை 10.00 முதல் 10.45 வரை என்று பேசினோம். மாற்று ஆள் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணை, சின்னம்மாவின் மருமகனுக்குத் தெரிந்தவர். அவரிடம் சொன்னது இதுதான்: சாவியை வாங்கி வைக்கலாம், உறுதியைத் தொட வேண்டாம், தம்பியிடமிருந்து தகவல் வந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் சின்னம்மா சாவிகளைப் பரப்பி வைத்து ஒரு படம் எடுத்தார். கேட் ஆமைப்பூட்டு, முன்கதவு, பின்கதவு, கிணற்று மோட்டார் அறை. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மட்டையில் பெயர் எழுதிக் கட்டினார். உறுதியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினார்.

சனிக்கிழமை சின்னம்மா பத்துக்குச் சற்று முன்னரே வந்து சேர்ந்தார். தம்பி வரவில்லை. பத்தேகாலுக்குக் கடை அண்ணையின் போனுக்கு அவர் எடுத்தார். சின்னம்மாவின் போனுக்கு எடுத்தும் கிடைக்கவில்லையாம். அயலில் ஒரு செத்த வீடு, விட்டுவிட்டு வர முடியாது. வன்னியில் இது அடிக்கடி நடக்கும், யாரும் கோபிக்க முடியாது. கிராமத்தில் ஒரு சாவு என்றால் அன்றைய வேலை எல்லாம் நின்றுவிடும். உறுதி சின்னம்மாவின் கைப்பையை விட்டு வெளியே வரவே இல்லை. மாற்று நாளாக அடுத்த சனிக்கிழமையை முன்னமே பேசியிருந்ததால் அங்கே வைத்துப் புதிதாக ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியையும் வரவில்லை. போன் எடுத்தால் "தொடர்பு கொள்ள முடியாத நிலை". 10.45க்குச் சின்னம்மா ஒரு குறுஞ்செய்தி போட்டார். சிக்னல் வந்ததும் அது போய்ச் சேரும். பிறகு நான்கு சாவிகளையும் ஒரு கடித உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துக்குக் குறுக்கே தன் கையொப்பத்தை வைத்து, கடை அண்ணையிடம் கொடுத்தார். உறையில் ஆசிரியையின் பெயரும் சாவி எண்ணிக்கையும் இருந்தன. கொடுத்ததை அண்ணையின் கையோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த வவுனியா பஸ்ஸில் ஏறினார். ஆசிரியை வந்த பஸ் கரிப்பட்டமுறிப்புப் பக்கம் ரயர் காற்றுப் போய் நின்றிருந்தது. மதியத்துக்குச் சற்று முன்னர் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, உறை பிரிக்கப்படவில்லை என்று பார்த்து, அண்ணைக்கு முன்னாலேயே பிரித்து எண்ணி எடுத்துக்கொண்டார்.

குறுக்கே வைத்த கையொப்பம் கடைக்காரரைச் சந்தேகப்பட்டு வைப்பதில்லை. பின்னால் ஒரு சாவி குறைகிறது என்று பேச்சு வந்தால் அவரைக் காப்பாற்றுவதும் அதுதான். இதைச் சொன்னால் எல்லாக் கடைக்காரரும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள்.

கைமாறும்போது

ஆளைப் பார்த்ததும் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அவருடைய நம்பருக்கு அங்கே நின்றே ஒரு மிஸ்கோல் கொடுங்கள். அவர் கையிலிருக்கிற போன் அடித்தால் பேசின ஆள்தான் என்று தெரியும். மூலப் பத்திரம் என்றால் அடையாள அட்டையையும் பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் அட்டையை முதலில் நீட்டுங்கள், அவரும் எடுப்பார்.

பத்திரமானால் ஒரு கடதாசியில் இரண்டு பிரதி எழுதிக் கொண்டுபோங்கள். திகதி, இடம், உறுதி இலக்கம், முடித்த நொத்தாரிசின் பெயர், பக்கங்களின் எண்ணிக்கை, என்ன தேவைக்காகக் கொடுக்கப்படுகிறது, எப்போது திரும்பி வரும். இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொன்று. "என்ன தேவைக்காக" என்ற வரி முக்கியம். கடனுக்கு ஈடாகப் பத்திரத்தைக் கொடுத்ததாகப் பின்னால் யாரும் சொல்ல முடியாமல் அதுதான் தடுக்கும். சந்தியில் நின்று எழுதத் தொடங்கினால் அவசரத்தில் பாதி விடுபட்டுவிடும், வீட்டிலேயே எழுதி வாருங்கள்.

சாவியானால் எழுத்து அவ்வளவு தேவையில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் எல்லாப் பூட்டையும் திறந்து பார்த்த பிறகே "கிடைத்தது, எல்லாம் சரி" என்று செய்தி அனுப்புங்கள். பூட்டிக் கிடந்த வீட்டின் ஆமைப்பூட்டு துருப்பிடித்து, சாவி இருந்தும் திறக்காமல் போவது சகஜம். கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ எடுத்துப் போங்கள். உள்ளே போனதும் மின்மானியின் வாசிப்பைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அதே நாளில் அனுப்புங்கள். முன்னைய கட்டணம் யாருடையது என்ற பேச்சு பிறகு வராது.

ஆள் வரவே இல்லை என்றால்

நேரத்துக்கு முன்னரே போனுக்கு மேல் போன் எடுத்து அவரைப் பதறவைக்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவர் போனை எடுக்கப் போய் விழுவார். இடைவெளியில் பாதி போனதும் ஒரு அழைப்பு, கிடைக்காவிட்டால் ஒரு குறுஞ்செய்தி. இடைவெளி முடிந்ததும் மாற்று ஆளிடம் தகவல் வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால் அதன்படி, வராவிட்டால் பேசி வைத்தபடி. சாவியை விட்டுவிட்டுப் போகலாம், பத்திரத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வேறொருவர் வந்து "நான்தான் அவரின் மச்சான், என்னட்டத் தரச் சொன்னவர்" என்றால், முதல் நாள் செய்தியில் அவருடைய பெயர் இல்லை என்றால் பத்திரம் இல்லை. அவர் உண்மையிலேயே மச்சானாக இருக்கலாம். அனுப்பியவர் தன் நம்பரிலிருந்து உங்களுக்கு அழைத்து, அந்த ஆளின் பெயரைச் சொல்லி ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பினால் கொடுக்கலாம். அதற்குள் உங்கள் பஸ் வந்துவிட்டால் ஏறிவிடுங்கள்.

கைமாறி முடிந்ததும் மாற்று ஆளுக்கு ஒரு அழைப்பு எடுத்து முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் கடை பூட்டுகிற நேரத்திலும் யாரோ வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த தடவை அந்தச் சந்தியால் போகும்போது இறங்கி அவர் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கிற நாளிலும் அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.